ஃப்ளஷ் டேங்க் வேர்க்குதா, ஒழுகுதா? சென்னை பாத்ரூம் ஈரம் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலைல எழுந்து பாத்தா ஃப்ளஷ் டேங்குக்கு அடியில தண்ணி நிக்குது. டேங்க் வெளிப்பக்கமும் ஈரமா இருக்கு. இது லீக்கா, இல்ல டேங்க் வேர்க்குதா?

சென்னைல முதல் சந்தேகம் லீக் மேலதான் போகணும். ஐஸ் தண்ணி ஊத்தின டம்ளர் வெளியில வேர்க்குதே அதே விஷயம்தான் டேங்க்லயும் நடக்குது, ஆனா அதுக்கு டேங்க்ல இருக்கற தண்ணி சில்லுன்னு இருந்தாகணும். நம்ம ஊர்ல தண்ணி எங்கேர்ந்து வருது? மொட்டை மாடி டேங்க்லேர்ந்து. பகல் முழுக்க வெயில்ல கிடந்த தண்ணி அது, கத்திரி வெயில் நேரத்துல குழாயத் தொறந்தா கை சுடுது. போர் தண்ணியும் இங்க ஜில்லுன்னு இருக்காது, வெதுவெதுன்னுதான் வரும். அப்படிப்பட்ட தண்ணி நிரம்பின டேங்க் தன்னால வேர்க்காது. அதனால மே மாசம் மத்தியானம், ஏசி எதுவும் ஓடாத வீட்ல, டேங்குக்கு அடியில சொட்டு நின்னா அது ஒழுகல்தான், யோசிக்காம ப்ளம்பரக் கூப்பிடுங்க.

அப்போ சென்னைல டேங்க் வேர்க்கவே வேர்க்காதா? எங்க வீட்ல கண்ணால பாத்தேனே, முழுக்க முத்து முத்தா நின்னுச்சு.

வேர்க்கும், ரெண்டு சந்தர்ப்பத்துல. ரெண்டுலயும் தண்ணிய குளிர வெச்சதோ, காத்துல ஈரத்த ஏத்தினதோ நம்ம பழக்கம்தான்.

ஒண்ணு ஏசி பெட்ரூமோட ஒட்டின பாத்ரூம். ராத்திரி ஏசிய 22ல வெச்சுட்டு பாத்ரூம் கதவத் தொறந்தே போட்டுத் தூங்குவோம், ஏழெட்டு மணி நேரத்துல டேங்க்ல இருக்கற ஏழெட்டு லிட்டர் தண்ணியும் அந்தக் குளிருக்கே வந்துடும், டேங்க் சுவர், கம்மோடு, டைல்ஸ் எல்லாமே சேந்து குளிரும். ராத்திரி பூரா வேர்க்காது, ஏன்னா ஏசி ரூம் காத்துல ஈரம் கம்மி. காலைல ஏசிய ஆஃப் பண்ணி, வெண்டிலேட்டர் கண்ணாடியத் தொறந்து விட்டதும் வெளிக்காத்து உள்ள வரும் பாருங்க, அப்போதான் வேர்க்க ஆரம்பிக்கும். அதே நேரத்துல யாராவது வெந்நில குளிச்சாங்கன்னா இன்னும் வேகமா.

இன்னொண்ணு மார்கழி, தை மாசக் காலை. மாடி டேங்க் தண்ணி ராத்திரி பனில நல்லா குளிர்ந்திருக்கும், வருஷத்துல அப்போதான் நம்ம குழாய்த் தண்ணி நிஜமாவே சில்லுன்னு வரும். கீசர் போட்டு, கதவையும் வெண்டிலேட்டரையும் சாத்திட்டு அரைமணி நேரம் குளிச்சா உள்ள ஆவி நிறைஞ்சிடும். கண்ணாடி மங்கற அதே நிமிஷம் ஃப்ளஷ் டேங்கும் வேர்க்கும், டேங்குக்கு வர்ற பைப்பும் வேர்க்கும்.

இந்த ரெண்டுலயும் சேராத ஈரம்னா டேங்க் வேர்வைங்கற பேச்ச விட்டுட்டு வேற காரணம் தேடணும்.

சரி, ரெண்டையும் பிரிச்சு எப்படித் தெரிஞ்சுக்கறது? ப்ளம்பர் வந்து பாத்துட்டு "வேர்வை சார், ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

மூணு விதமா பாக்கலாம், மூணும் ஒரே பதிலச் சொன்னா சந்தேகமே இல்ல.

முதல்ல டேங்க் மேல ஈரம் எந்த உயரம் வரைக்கும் இருக்குன்னு பாருங்க. வேர்வைன்னா உள்ள தண்ணி எது வரைக்கும் நிக்குதோ அது வரைக்கும்தான் வெளியில முத்து முத்தா நிக்கும், அதுக்கு மேல காஞ்சிருக்கும், ஏன்னா மேல் பாகத்துக்குப் பின்னாடி தண்ணி இல்ல, காத்துதான், அது சீக்கிரம் சூடாயிடும். மூடியத் தூக்கி உள்ள தண்ணி மட்டத்தப் பாத்துட்டு வெளியில கைய வெச்சுத் தடவுங்க, ரெண்டும் ஒத்துப்போகும். நாலு பக்கமும் ஒரே மாதிரி ஈரம் இருக்கும். லீக்ல இந்தக் கோடு வராது. லீக் ஒரு இடத்துல ஆரம்பிச்சு கீழ்நோக்கி ஒரு தடமா வரும்.

ரெண்டாவது டிஷ்யூ. டேங்க், ஆங்கிள் காக், கனெக்ஷன் பைப், கம்மோடோட டேங்க சேக்கற ரெண்டு போல்ட், நடுவுல பெரிய நட், எல்லாத்தையும் துணியால நல்லா தொடச்சுட்டு ஒவ்வொரு இணைப்பச் சுத்தியும் ஒரு துண்டு டிஷ்யூ கட்டி விட்டுடுங்க. அரைமணி கழிச்சு எது முதல்ல நனையுதுன்னு பாருங்க. ஒரு தடவ ஃப்ளஷ் பண்ணியும் பாக்கணும், ஏன்னா டேங்க் அடி வாஷர் சில சமயம் ஃப்ளஷ் பண்ணும்போது மட்டும்தான் விடும்.

மூணாவதுதான் நம்ம ஊருக்குன்னே இருக்கற டெஸ்ட், எனக்கு ரொம்பப் பிடிச்சது. வேர்வைத் தண்ணி காத்துலேர்ந்து வந்தது, அதுல உப்பே இருக்காது. குழாய்த் தண்ணில உப்பு இருக்கும், போர் தண்ணில நிறையவே இருக்கும். அதனால தொங்கிட்டிருக்கற சொட்டு ரெண்ட ஒரு கறுப்புத் தட்டுலயோ கண்ணாடித் துண்டுலயோ எடுத்துக் காய விடுங்க, பக்கத்துலயே குழாய்லேர்ந்து ரெண்டு சொட்டு வெச்சுக் காய விடுங்க. குழாய்ச் சொட்டு காஞ்சதும் வெள்ளையா ஒரு வளையம் நிக்கும். வேர்வைச் சொட்டு காஞ்சா ஒண்ணும் தெரியாது, இல்ல லேசா தூசிக் கறை இருக்கும், அவ்ளோதான். வீட்ல ஆர்ஓ மெஷினுக்குன்னு வாங்கின டிடிஎஸ் மீட்டர் இருந்தா ஒரு சின்ன மூடில கொஞ்சம் தண்ணி சேர்த்து அளந்தே பாத்துடலாம், குழாய்ல 900 காட்டற வீட்ல சொட்டுல 30, 40 காட்டுச்சுன்னா அது குழாய்த் தண்ணி இல்ல. மெட்ரோ வாட்டர் மட்டும் வர்ற வீட்ல வித்தியாசம் கொஞ்சம் குறைவா இருக்கும், ஆனாலும் தெரியும். தரையில நிக்கற தண்ணிய எடுக்காதீங்க, அதுல சோப்பு, ஃபினாயில் எல்லாம் கலந்திருக்கும், மீட்டர் என்னத்தையாவது காட்டும். டேங்க முதல்ல ஈரத்துணியால தொடச்சுட்டு, புதுசா தொங்கற சொட்டத்தான் எடுக்கணும்.

இன்னும் ஒரு அடையாளம், டெஸ்ட்டே தேவையில்ல. போல்ட்டச் சுத்தியோ ஆங்கிள் காக் அடியிலயோ வெள்ளையா உப்புப் பொருக்கு கட்டியிருந்தா அங்க ரொம்ப நாளா கசியுதுன்னு அர்த்தம். வேர்வை எத்தன வருஷம் சொட்டினாலும் உப்பு கட்டாது.

இந்த ட்யூ பாயிண்ட்ங்கறாங்களே, அத வீட்ல கணக்குப் போட முடியுமா?

முடியும். காத்துல இருக்கற ஈரம் எந்த வெப்பத்துல தண்ணியா படிய ஆரம்பிக்குதோ அதான் ட்யூ பாயிண்ட். ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்கு வெப்பமும் ஈரப்பதமும் காட்டற சின்ன மீட்டர் கிடைக்குது, அது போதும். ஈரப்பதம் 100லேர்ந்து எவ்ளோ கம்மியோ அத அஞ்சால வகுத்து, வெப்பத்துலேர்ந்து கழிச்சா கிட்டத்தட்ட ட்யூ பாயிண்ட் வந்துடும். ஈரப்பதம் அம்பதுக்கு மேல இருக்கும்போது இந்தக் கணக்கு நல்லாவே ஒத்துப்போகும், சென்னைல அதுக்குக் கவலையே இல்ல.

உதாரணத்துக்கு காலைல வெளிக்காத்து 28 டிகிரி, ஈரப்பதம் 85ன்னு வெச்சுக்கோங்க. 15ஐ அஞ்சால வகுத்தா 3, 28ல 3 போனா 25. அந்தக் காத்து பட்டா 25 டிகிரிக்குக் கீழ இருக்கற எந்தப் பொருளும் வேர்க்கும். ராத்திரி பூரா ஏசில கிடந்த டேங்க் 23ல இருக்கும், வேர்க்குது. மாடி டேங்க்லேர்ந்து நேரா வந்த 30 டிகிரி தண்ணி இருந்தா வேர்க்காது. வெந்நில குளிச்சு முடிச்ச பாத்ரூம்ல 29 டிகிரி, ஈரப்பதம் 95ன்னா ட்யூ பாயிண்ட் 28க்கு ஏறிடும், அதான் மார்கழில டேங்க் வேர்க்கற கணக்கு.

இதுலேர்ந்தே ஒரு சுலபமான வழியும் கிடைக்குது. ஏசி குளிர்ல வேர்த்த டேங்க ஒரு தடவ ஃப்ளஷ் பண்ணிட்டா மாடித் தண்ணி வந்து நிரம்பி சூடாயிடும், அதோட வேர்வை நின்னுடும். அதுக்கப்புறமும் சொட்டிட்டே இருந்தா அது வேற தண்ணி.

டேங்க் வேர்த்தா எவ்ளோ தண்ணி வரும்? எங்க பாத்ரூம்ல கம்மோடு பின்னாடி ஒரு குட்டையே நிக்குதே.

ஏசில குளிர்ந்த ஒரு டேங்க் காலைல வேர்த்து முடிக்கறதுக்குள்ள ரெண்டு மூணு டேபிள்ஸ்பூன் தண்ணி விட்டா அதிகம். வேர்க்க வேர்க்கவே டேங்க் சூடாயிட்டு வரும், முக்காமணி ஒருமணி நேரத்துல தன்னால நின்னுடும். அதனால துடைச்ச தரையில ஒரு டம்ளர், ரெண்டு டம்ளர் தண்ணி தினமும் நிக்குதுன்னா டேங்க் வேர்வைய மட்டும் குத்தம் சொல்ல முடியாது. லீக் இருக்கணும், இல்ல விடாம சில்லுன்னு இருக்கற ஒரு பைப் எங்கயோ இருக்கணும், இல்ல குளிச்ச தண்ணியே வடியாம நிக்கணும்.

விடாம சில்லுன்னு இருக்கற பைப்பா? எங்க வீட்ல குளிர்ந்த தண்ணி லைனே கிடையாதே.

ஏசி ட்ரெய்ன் பைப் இருக்குல்ல. நிறைய ஃப்ளாட்ல பெட்ரூம் ஏசியோட தண்ணி பைப்ப பக்கத்து பாத்ரூம் வழியாத்தான் இறக்கியிருப்பாங்க, சில இடத்துல காப்பர் பைப்பும் கூடவே போகும். ஏசிலேர்ந்து வர்ற தண்ணி 10, 15 டிகிரில வரும். நம்ம ஊர் ஈரக்காத்துக்கு ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் அளவுக்குக்கூட தண்ணி விடும், அந்தச் சில்லுத் தண்ணி ராத்திரி முழுக்க ஒரு மெல்லிசான பிவிசி பைப்ல ஓடிட்டே இருக்கு. மேல ஃபோம் சுத்தாம விட்டிருந்தா பைப்போட அடிப்பக்கம் முழுக்க சொட்டு கட்டி ராத்திரிக்கு ஒரு டம்ளர் வரைக்கும் சேந்துடும். டேங்க் மாதிரி இது தன்னால நிக்காது, ஏசி ஓடற வரைக்கும் சொட்டும்.

சென்னை பாத்ரூம்ல நான் பாத்த பைப் வேர்வைல பெரும்பாலும் இதுதான் காரணம். ஃப்ளஷ் டேங்குக்கு வர்ற அரை இஞ்ச் பைப்பெல்லாம் மார்கழி தவிர வேர்க்கறதே அபூர்வம்.

ரெண்டு ப்ளம்பர் வந்து வாஷர், கனெக்ஷன் பைப் எல்லாம் மாத்தியாச்சு, காசுதான் போச்சு, தண்ணி வர்றது நிக்கல. எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

மேடவாக்கத்துல எங்க சித்தி ஃப்ளாட்ல இதே கதைதான், அத அப்படியே சொல்றேன், நீங்களும் அதே வரிசைல போங்க.

மூணாவது மாடி, பெட்ரூமோட ஒட்டின பாத்ரூம். தினமும் காலைல கம்மோடு பின்னாடி ஒரு டம்ளருக்கு மேல தண்ணி, சித்தப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருந்ததால சித்திக்கு அந்த ஈரத்தப் பாத்தாலே பயம். வந்த ப்ளம்பர்ங்க டேங்க் அடி வாஷர மாத்தி, போல்ட் மாத்தி, கடைசியா எம்சீலும் வெச்சுட்டுப் போயிருந்தாங்க. நான் போனது ஒரு ஆகஸ்ட் சாயங்காலம். டேங்க தொடச்சு எல்லா இணைப்புக்கும் டிஷ்யூ கட்டி வெச்சோம், பத்து மணி வரைக்கும் ஒரு டிஷ்யூகூட நனையல, நாலஞ்சு தடவ ஃப்ளஷ் பண்ணியும் காஞ்சேதான் இருந்துச்சு. டேங்க் மூடியத் தொறந்து கேக்குக்குப் போடற சிவப்பு கலர் கொஞ்சம் கலந்து விட்டோம், அரைமணி கழிச்சு கம்மோடுக்குள்ளயும் கலர் வரல, ஆக உள் வால்வும் சரி.

அன்னிக்கு ராத்திரி எப்பவும் போல ஏசி, பாத்ரூம் கதவு தொறந்து. காலைல டேங்க் மேல தண்ணி மட்டம் வரைக்கும் முத்து முத்தா நிக்குது, கீழ தண்ணியும் நிக்குது. தொங்கற சொட்டுல கலர் இல்ல. மூடில பிடிச்சு சித்தி வீட்டு டிடிஎஸ் மீட்டர விட்டா 40க்குக் கீழ, அந்த வீட்டுப் போர் தண்ணி ஆயிரத்தத் தாண்டும். சரி, வேர்வைன்னு முடிவாச்சு. ஆனா அளவு இடிக்குது, கீழ நிக்கறது ரெண்டு ஸ்பூன் இல்லையே.

மறுநாள் ராத்திரி கதவ இறுக்கமா சாத்திட்டு அதே ஏசில தூங்கினாங்க. காலைல டேங்க் எலும்பு மாதிரி காஞ்சிருக்கு, தொட்டா வெதுவெதுன்னு இருக்கு, ஆனா தரையில தண்ணி அப்பவும் நிக்குது, கொஞ்சம்தான் கம்மி. இங்கதான் விஷயம் பிடிபட்டுச்சு. டேங்குக்குப் பின்னாடி சுவர்ல மேலேர்ந்து கீழ கையத் தடவிட்டே வந்தா ஒரு விரல் அகலத்துக்கு ஒரு ஈரக்கோடு, ஃபால்ஸ் சீலிங்லேர்ந்து இறங்குது. எக்ஸாஸ்ட் ஃபேன் பக்கத்துல இருந்த சின்னக் கதவத் தொறந்து டார்ச் அடிச்சா ஏசி ட்ரெய்ன் பைப். பெட்ரூம் சுவர் வரைக்கும் ஃபோம் போட்டிருக்கு, சுவர் ஓட்டையத் தாண்டி பாத்ரூம் பக்கம் ஒன்றரை மீட்டர் வெறும் பைப். டக்ட்டுக்குப் போற ஓட்டை அடைக்காம இருந்ததால வெளிக்காத்து பூரா அந்த சீலிங் இடுக்குல. பைப்புக்கு அடியில வரிசையா சொட்டு.

பைப்பே ஒழுகுதோன்னு ஒரு சந்தேகம் வரும், அதுக்கும் டிடிஎஸ் கம்மியாத்தான் காட்டும். அதனால ஏசி ட்ரேல கலர் தண்ணி ஒரு மக் ஊத்தினோம், தரைல தண்ணி வடியற ட்ராப் பக்கம் கலர் வந்துச்சு, பைப் வெளியில வந்த சொட்டுல கலர் இல்ல. ஜாயிண்ட் சரி, பைப் வேர்க்குதுன்னு உறுதியாச்சு. ஃபோம் போட்டு, டக்ட் ஓட்டைய அடைச்சு, ராத்திரி கதவ சாத்தற பழக்கம் வந்ததும் அந்தக் குட்டை வர்றது நின்னுடுச்சு.

பைப்புக்கு ஃபோம் நாமளே போட்டுக்கலாமா? எந்த ஃபோம், எவ்ளோ தடிமன்?

தாராளமா போடலாம், கை எட்டற இடமா இருந்தா. ஏசி ஸ்பேர்ஸ் விக்கற கடைல "இன்சுலேஷன் ட்யூப்"னு கேட்டா கறுப்பா குழாய் வடிவத்துல நைட்ரைல் ரப்பர் ஃபோம் குடுப்பாங்க. சென்னை ஈரத்துக்கு 9 மில்லிமீட்டர் பத்தாது, 13 வாங்குங்க, டக்ட் பக்கம் மாதிரி வெளிக்காத்து நேரா படற இடமா இருந்தா 19. பைப்போட வெளிச் சுற்று அளவுக்கு சரியா இருக்கற ட்யூபா பாத்து வாங்கணும், லூசா இருந்தா உள்ள காத்து போய் உள்ளயே வேர்க்கும், ஃபோம் வழியா ஒரு மூலைல சொட்டும், ஃபோம் போட்டும் பிரயோஜனம் இல்லன்னு சொல்றவங்க வீட்ல பெரும்பாலும் இதான் நடந்திருக்கும்.

ஏசிய நிறுத்திட்டு பைப்பத் துடைச்சு நல்லா காய விடுங்க, அரைமணி நேரமாவது. ட்யூப நீளவாக்குல கத்தியால கீறி பைப் மேல மாட்டி, கீறின ரெண்டு வாய்லயும் ரப்பர் பசை தடவி, கை ஒட்டாத அளவுக்குக் காஞ்சதும் அழுத்தி ஒட்டணும். கீறல் மேல்பக்கம் இருக்கட்டும். வளைவுல ட்யூப இழுத்து மாட்டாதீங்க, இழுத்த இடத்துல தடிமன் குறைஞ்சு அங்க மட்டும் வேர்க்கும், சாய்வா வெட்டி ரெண்டு துண்டா சேத்து ஒட்டுங்க. கிளாம்ப் ஃபோமுக்கு மேல வரணும், ஆனா நசுக்கக் கூடாது. சுவர் ஓட்டைக்குள்ளயும் ஃபோம் தொடர்ந்து போகணும், முக்காவாசி வீட்ல விட்டுப்போறது அந்த ஓட்டைதான்.

ஏசி மெக்கானிக் சுத்தற வெள்ளை டேப் இன்சுலேஷன் இல்ல, அது வெறும் உறை. பழைய துணி, பேப்பர் சுத்தறது இன்னும் மோசம், ஈரத்த உறிஞ்சி வெச்சு பூஞ்சை பிடிச்சு நாறும்.

டேங்க் உள்ள தெர்மோகோல் ஒட்டினா வேர்க்காதுன்னு வீடியோல பாத்தேன்.

குளிர் நாட்டுல அதுக்குன்னே ஷீட் விக்கறாங்க, அங்க தண்ணி வருஷத்துல பாதி நாள் ஐஸ் மாதிரி வருது. நமக்கு அது தேவைப்படறது ரொம்ப அபூர்வம். ஏசி பாத்ரூம்னா கதவ சாத்தினாலே காரியம் முடிஞ்சுது. சாதா தெர்மோகோல் உடைஞ்சு உருண்டை உருண்டையா உதிரும், அது ஃப்ளஷ் வால்வு ரப்பருக்கு அடியில மாட்டினா அன்னிலேர்ந்து கம்மோடுக்குள்ள தண்ணி ஓடிட்டே இருக்கும். ஒட்டியே ஆகணும்னா தண்ணி உறிஞ்சாத ஃபோம் ஷீட், பத்து மில்லிமீட்டருக்குள்ள, டேங்க காலி பண்ணி ஒரு நாள் காய வெச்சு சிலிக்கான்ல ஒட்டுங்க, மிதவை ஏறி இறங்கற இடத்துல படவே கூடாது.

டேங்குக்குப் போற லைன்ல கொஞ்சம் வெந்நி கலக்கற வால்வு ஒண்ணு இருக்காமே?

இருக்கு. இங்க வேண்டாம். மாடி டேங்கே அந்த வேலையச் செஞ்சுட்டுதான் இருக்கு.

குளிச்சு முடிச்சதும் ஜன்னலத் தொறக்கணுமா, எக்ஸாஸ்ட் போடணுமா? தரை சீக்கிரம் காயவே மாட்டேங்குது.

ஏசி இல்லாத வீடா இருந்தா ரெண்டும் பண்ணுங்க, எக்ஸாஸ்ட குளிக்கும்போதே போட்டு, முடிச்சதுக்கப்புறமும் இருபது நிமிஷம் ஓட விடுங்க.

ஏசி பெட்ரூம் பாத்ரூம்னா கொஞ்சம் யோசிக்கணும். வெளிக்காத்து ஐப்பசி, கார்த்திகைல ஈரம் சொட்டச் சொட்ட இருக்கும், அத உள்ள விட்டா தரை காயறதுக்கு பதிலா குளிர்ந்த டைல்ஸே வேர்க்கும். அந்த நேரத்துல வெண்டிலேட்டர சாத்திட்டு, ஏசி ஓடும்போதே பாத்ரூம் கதவ நாலு விரல் தொறந்து வெச்சு எக்ஸாஸ்ட போடுங்க, பெட்ரூம்லேர்ந்து காஞ்ச காத்து தரையத் தடவிட்டு வெளிய போகும், பத்து பதினஞ்சு நிமிஷத்துல தரை காயறத கண்ணால பாக்கலாம். கொஞ்சம் ஏசிக் காத்து வீணாத்தான் போகும், தரை காஞ்சதும் ஃபேன நிறுத்தி கதவ சாத்திடுங்க. வெளிக்காத்த உள்ள விடறது டேங்க் சூடானதுக்கு அப்புறம், ஒரு ஃப்ளஷ் பண்ணிட்டு.

ஆனா காத்து எவ்ளோ அடிச்சாலும் நிக்கற தண்ணிய காய வைக்க நாளாகும், மொதல்ல வைப்பர் போட்டுத் தள்ளிடணும். கடைசியா குளிக்கறவங்க தள்ளிட்டு வர்றதுன்னு வீட்ல ஒரு ஏற்பாடு இருந்தா நல்லது.

வைப்பர் போட்டாலும் கம்மோடு பின்னாடி மூலைல தண்ணி போய் நிக்குது. டைல்ஸ் எல்லாத்தையும் பேத்துதான் ஆகணுமா?

பேக்கறதுக்கு முன்னாடி ட்ராப்பப் பாருங்க. ஜாலியத் தூக்கி உள்ள இருக்கற முடி, சோப்புப் பிசுக்கு, உப்புப் படிவு எல்லாம் எடுத்துட்டு ஒரு வாளி தண்ணிய ட்ராப்லயே நேரா ஊத்துங்க. தேங்காம இறங்கினா ட்ராப் சரி. போர் தண்ணி வீட்ல ஜாலியோட விளிம்புல உப்பு கட்டி ஒரு சின்ன வரப்பு மாதிரி நிக்கும், தரைல வர்ற தண்ணி அத ஏற முடியாம நின்னுடும், சுரண்டி எடுத்தாலே பாதிப் பேருக்கு பிரச்சனை தீரும்.

அப்புறம் வாட்டத்தப் பாக்கணும். காஞ்ச தரையில ஒவ்வொரு மூலையா ஒரு மக் தண்ணி ஊத்தி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாருங்க, நிக்கற இடத்த சாக்பீஸால கோடு போட்டு வெச்சுக்கோங்க. ரசமட்டம் இருந்தா ட்ராப் பக்கமா ஒரு மீட்டருக்கு 10லேர்ந்து 15 மில்லிமீட்டர் இறக்கம் இருக்கான்னு அளக்கலாம். தரை முழுக்க எதிர்வாட்டமா இருந்தா பேத்துதான் ஆகணும், அதுக்கு குறுக்கு வழி கிடையாது. ஆனா பெரும்பாலும் கம்மோடு மாத்தும்போது சுத்தி இருந்த நாலஞ்சு டைல்ஸ பேத்து தாழ்வா ஒட்டியிருப்பாங்க, அங்க மட்டும்தான் குழி. அந்த டைல்ஸ மட்டும் எடுத்து மட்டம் ஏத்தி ஒட்டி, இடுக்குக்கு எபாக்சி க்ரௌட் போட்டா போதும். வெள்ளை சிமெண்ட் இடுக்குல ஈரம் தங்கும். மேஸ்திரிகிட்ட வேலை முடிஞ்சு காசு குடுக்கறதுக்கு முன்னாடி அவர் கண்ணு முன்னாடியே ஒரு மக் தண்ணி ஊத்திப் பாத்துடுங்க.

அதுவரைக்கும் சொட்டற இடத்துல ஒரு டப்பா வெச்சுக்கலாமா?

வெச்சுக்கலாம், தினமும் கொட்டிடணும். சுத்தமான தண்ணி தேங்கினா டெங்கு கொசு முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாள்ல கொசுவாயிடும். துணி மிதியடி போடாதீங்க, அது அடியில ஈரத்தப் பிடிச்சு வெச்சுக்கும், பெரியவங்க கால் வெச்சா மிதியடியோட சேந்து வழுக்கும்.

கீழ் வீட்டுக்காரங்க அவங்க சீலிங்ல ஈரம்னு சண்டைக்கு வர்றாங்க. நாங்க "டேங்க் வேர்வைதான்"னு சொல்லிட்டிருக்கோம். சரிதானா?

சரியில்லங்க. ரெண்டு ஸ்பூன் வேர்வை டைல்ஸ் மேல விழுந்து கீழ் வீட்டு சீலிங் வரைக்கும் போகாது. ஒண்ணு கம்மோடு அடி ஜாயிண்ட் விட்டிருக்கணும், இல்ல ட்ராப்பச் சுத்தி இடுக்கு விட்டிருக்கணும், இல்ல சுவருக்குள்ள போற லைன்ல கசிவு. ஒரு நாள் அந்த பாத்ரூம பூட்டி வெச்சு சோதிங்க. ட்ராப் வாய ஒரு பாலிதீன்ல துணி சுத்தி இறுக்கி அடைச்சுட்டு, வாசப்படி உயரம் தாங்கற அளவுக்கு, ரெண்டு சென்டிமீட்டர் தண்ணி தரை முழுக்க நிறுத்தி, சுவர்ல பென்சிலால கோடு போடுங்க. ஒரு நாள் கழிச்சு கோட்டுக்கு ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் கீழ இருந்தா அது ஆவியாப் போனது. அதுக்கு மேல இறங்கி, கீழ் வீட்லயும் ஈரம் பரவியிருந்தா தரை விடுதுன்னு அர்த்தம், வாட்டர் ப்ரூஃபிங் பாக்கணும். தண்ணி இறங்கவே இல்ல, ஆனா கீழ ஈரம் அப்படியே இருக்குன்னா தரைய விட்டுட்டு பைப் லைனப் பாருங்க. பாத்ரூமுக்குப் போற வால்வ ராத்திரி மூடி வெச்சு நாலஞ்சு நாள்ல கீழ ஈரம் குறையுதான்னு கேளுங்க, குறைஞ்சா தண்ணி வர்ற லைன், குறையலன்னா கழிவு லைன்.